எட்டுப் பேருக்கான கேக்கைப் பன்னிரண்டு பேருக்குச் செய்வது எப்படி?

எட்டுப் பேருக்கான ஒரு கேக் செய்முறை கையில் இருக்கிறது. வரப்போவது பன்னிரண்டு பேர். எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு போட்டால் போதும் என்றுதான் தோன்றும். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் பல செய்முறைகளில் மாவு கப்பில் இருக்கும், பால் மில்லிலிட்டரில் இருக்கும், வெண்ணெய் கிராமில் இருக்கும், முட்டை எண்ணிக்கையில் இருக்கும். ஒன்றேகால் கப்பில் ஒன்றரை மடங்கு எவ்வளவு, மூன்று முட்டையில் ஒன்றரை மடங்கு எவ்வளவு என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டே கலக்கும்போதுதான் தப்பு நடக்கிறது.

குழம்பு, பொரியல் மாதிரியான சமையலில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் ருசி பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். கேக் அப்படி இல்லை. ஓவனுக்குள் போன பிறகு எதையும் மாற்ற முடியாது. அதனால் அளவு மாற்றும் கணக்கைக் கற்றுக்கொள்ள அதுவே நல்ல உதாரணம். கேக்குக்குச் சரியாகக் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் சுலபம்.

நான் எடுத்துக்கொள்ளும் செய்முறை இது. 20 செ.மீ. விட்டமுள்ள வட்ட டின்னில் எட்டுத் துண்டு வரும் சாதாரண வெண்ணெய் கேக்.

மைதா: ஒன்றரை கப்
சர்க்கரை: 1 கப்
வெண்ணெய்: அரை கப்
முட்டை: 3
பால்: அரை கப்
பேக்கிங் பவுடர்: ஒன்றரைத் தேக்கரண்டி
உப்பு: கால் தேக்கரண்டி

முதல் வேலை பெருக்கு எண்ணைக் கண்டுபிடிப்பது. வேண்டிய எண்ணிக்கையைச் செய்முறையில் இருக்கும் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 12 ÷ 8 = 1.5. எட்டிலிருந்து மூன்று பேருக்குக் குறைக்க வேண்டுமானால் 3 ÷ 8 = 0.375. எதை எதால் வகுப்பது என்று குழப்பம் வந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள்: அதிகம் பேருக்குச் செய்யப் போகிறீர்கள் என்றால் விடை 1-ஐ விடப் பெரிதாக வர வேண்டும். வராவிட்டால் தலைகீழாக வகுத்திருக்கிறீர்கள்.

இனி இந்த 1.5-ஐ எதோடு பெருக்குவது? ஒன்றரை கப் மைதாவோடு நேராகப் பெருக்கினால் இரண்டேகால் கப் வரும். அதை அளந்து போட்டுவிடலாமே என்று கேட்கலாம். இங்கேதான் கப்பின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கப் என்பது ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தை அளக்கிறது. கிராம் அந்தப் பொருளின் எடையை அளக்கிறது. தண்ணீருக்கு இரண்டும் ஒத்துப்போகும். 1 மில்லிலிட்டர் தண்ணீர் 1 கிராம். வேறு பொருளுக்கு அப்படி ஒத்துப்போகாது. 240 மில்லி பிடிக்கும் ஒரு கப்பில் சர்க்கரை சுமார் 200 கிராம் இருக்கும், வெண்ணெய் சுமார் 227 கிராம் இருக்கும், மைதா வெறும் 125 கிராம்தான் இருக்கும். ‘ஒரு கப் எத்தனை கிராம்?’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்தப் பொருளின் கப் என்று கேட்ட பிறகுதான் பதில் சொல்ல முடியும்.

மைதாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது அமுங்கும். மாவை ஒரு கரண்டியால் கிளறித் தளர்த்தி, கரண்டி கரண்டியாகக் கப்பில் போட்டு, கத்தியின் முதுகால் வழித்துவிட்டால் 120 முதல் 125 கிராம் வரும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 140, 150 என்று ஏறிவிடும். அதே கப், அதே மாவு, அள்ளிய விதம் மட்டும்தான் வேறு. தராசு இருந்தால் இதை ஒரு முறை செய்து பாருங்கள். நான் முதன்முதலில் இரண்டு விதமாகவும் அள்ளி எடைபோட்டபோது தராசுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மறுபடி, மறுபடி போட்டும் அதே வித்தியாசம்தான் வந்தது.

ஒரு கப்பில் 25 கிராம் வித்தியாசம் என்றால், இரண்டேகால் கப்பில் 56 கிராம் ஆகிவிடும். கிட்டத்தட்ட அரை கப் மாவு கூடுதலாக விழுந்த மாதிரி. கேக் வறண்டுபோய், மேலே கூம்பு மாதிரி எழும்பி வெடித்து, வெட்டினால் உதிரும். அதனால் கப்பில் இருப்பதை முதலில் கிராமுக்கு மாற்றிவிட்டு, பிறகு பெருக்குவதுதான் நல்லது. ஒன்றரை கப் மைதா 188 கிராம்; அதை 1.5-ஆல் பெருக்குவதற்கு ஒரு கால்குலேட்டர் போதும். ஒன்றேமுக்கால் கப்பை 0.375-ஆல் பெருக்கினால் வருகிற விடையை அளக்கக் கடையில் கரண்டியே கிடைக்காது.

சரி, எந்தக் கப்? இதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்கச் செய்முறைகளில் கப் என்றால் ஏறக்குறைய 237 மில்லி. வசதிக்காக 240 என்று எடுத்துக்கொள்வார்கள். ஆஸ்திரேலியச் செய்முறைகளில் 250 மில்லி. ஜப்பானில் 200 மில்லி. ரைஸ் குக்கரோடு வரும் சின்னக் கப் பெரும்பாலும் 180 மில்லிதான். அதைக் கேக்குக்கு எடுத்துவிடாதீர்கள்.

எல்லாப் பொருளும் கப்பிலேயே இருக்கும் செய்முறையில் எந்தக் கப்பை எடுத்தாலும் விகிதம் மாறாது, மொத்த அளவுதான் கூடும் அல்லது குறையும். ஆனால் நம் செய்முறையில் முட்டை இருக்கிறது. 240-க்குப் பதிலாக 200 மில்லி கப்பை எடுத்தால் மாவும் சர்க்கரையும் பாலும் ஆறில் ஒரு பங்கு குறையும். முட்டை மட்டும் மூன்றாகவே நிற்கும். தேக்கரண்டிக் கணக்கும் அப்படியே நிற்கும். மாவு குறைந்த கேக்கில் முட்டையும் பேக்கிங் பவுடரும் தூக்கலாகத் தெரியும். செய்முறை எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்ப்பது இதற்காகத்தான். கரண்டியிலும் ஒரு வித்தியாசம் உண்டு: தேக்கரண்டி எங்கும் 5 மில்லிதான், மேசைக்கரண்டி பெரும்பாலான இடங்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20 மில்லி.

நம் செய்முறை 240 மில்லி கப்பில் எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை கப் மைதா 188 கிராம். ஒரு கப் சர்க்கரை 200 கிராம். அரை கப் வெண்ணெய் 113 கிராம். அரை கப் பால் 120 மில்லி. இதை 1.5-ஆல் பெருக்கினால் மைதா 282, சர்க்கரை 300, வெண்ணெய் 170 கிராம், பால் 180 மில்லி. மைதாவை 280 என்று வைத்துக்கொண்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. இந்த அளவில் இரண்டு மூன்று கிராமுக்காகக் கவலைப்பட வேண்டாம்.

முட்டைக்கு வருவோம். 3 × 1.5 = 4.5. அரை முட்டை எப்படிப் போடுவது என்று பலர் நான்கோடு நிறுத்திவிடுகிறார்கள், அல்லது ஐந்தாகப் போட்டுவிடுகிறார்கள். முட்டையையும் எடையாகப் பார்த்தால் இந்தச் சங்கடம் இல்லை. ஓடு நீக்கிய பெரிய முட்டை சுமார் 50 கிராம் இருக்கும். மூன்று முட்டை 150 கிராம். ஒன்றரை மடங்கு 225 கிராம். ஐந்து முட்டையை உடைத்து ஊற்றி, வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகக் கலக்கும்வரை முள்கரண்டியால் அடித்து, அதிலிருந்து 225 கிராம் நிறுத்து எடுங்கள். அடிக்காமல் எடுத்தால் வெள்ளை வழுக்கிக்கொண்டு மொத்தமாக விழும், மஞ்சள் நின்றுவிடும். மிச்சம் இருப்பது இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவு. அடுத்த வேளை ஆம்லெட்டில் சேர்த்துவிடலாம். உங்கள் முட்டைகள் சின்னதாக இருந்தால் இந்த முறை இன்னும் உதவும். நாற்பது கிராம் முட்டை ஐந்தைப் போட்டாலும் 200 கிராம்தான் வரும், ஆறாவதை உடைக்க வேண்டும் என்று தராசே சொல்லிவிடும்.

பேக்கிங் பவுடர் 1.5 × 1.5 = 2.25, அதாவது இரண்டேகால் தேக்கரண்டி. உப்பு கால் தேக்கரண்டியில் ஒன்றரை மடங்கு. கால் தேக்கரண்டி வழித்துப் போட்டு, மேலே அதில் பாதி. இந்த இரண்டையும் கிராமுக்கு மாற்றச் சொல்ல மாட்டேன். வீட்டுத் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் காட்டும். இரண்டு மூன்று கிராம் பொருளில் அது ஒரு கிராம் தவறினாலே பெரிய தவறு. இவ்வளவு சின்ன அளவுகளுக்கு வழித்துவிட்ட அளவுக்கரண்டிதான் நம்பகமானது. பெரிய அளவுக்குத் தராசு, சின்ன அளவுக்குக் கரண்டி.

பாலை அளவுக்குவளையில் 180 மில்லி அளக்கலாம், தராசிலும் வைக்கலாம். பால் தண்ணீரை விடக் கொஞ்சம்தான் கனம். 180 மில்லி பால் சுமார் 185 கிராம். இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். ஆனால் எண்ணெயிலும் தேனிலும் விடக்கூடாது. 180 மில்லி எண்ணெய் சுமார் 165 கிராம்தான் இருக்கும். அதே 180 மில்லி தேன் 255 கிராம் வரை வரும். சில தராசுகளில் கிராமிலிருந்து மில்லிக்கு மாற்றும் பொத்தான் இருக்கும். கிண்ணத்தில் என்ன ஊற்றுகிறோம் என்று தராசுக்குத் தெரியாது. தண்ணீர் என்றோ பால் என்றோ வைத்துக்கொண்டுதான் அது கணக்குச் சொல்கிறது. தண்ணீர்க் கணக்கில் இருக்கும் தராசில் எண்ணெய் ஊற்றி 180 மில்லி காட்டும்போது, உண்மையில் 195 மில்லி விழுந்திருக்கும்.

இவ்வளவு கணக்கையும் கலக்க ஆரம்பிக்கும் முன்பே ஒரு தாளில் எழுதி முடித்துவிடுங்கள். மைதா 280, சர்க்கரை 300, வெண்ணெய் 170, முட்டை 225, பால் 180 மில்லி, பேக்கிங் பவுடர் இரண்டேகால் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டியும் அதில் பாதியும். பிறகு பழைய செய்முறையை மூடி வைத்துவிட்டு இந்தத் தாளை மட்டும் பாருங்கள். எனக்கு ஒரு முறை நடந்தது இது: மாவு, சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் ஒன்றரை மடங்கு போட்டேன். இடையில் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பி வந்து செய்முறையைப் பார்த்து, பாலை அரை கப் ஊற்றிவிட்டேன். மாவு கரண்டியில் ஒட்டிக்கொண்டு விழவே மாட்டேன் என்றது. அப்போது நின்று யோசித்திருந்தால் விட்டுப்போன 60 மில்லி பாலைச் சேர்த்துக் காப்பாற்றியிருக்கலாம். வெண்ணெய் கேக்கின் மாவு கரண்டியைச் சாய்த்தால் கனமாக, மெதுவாகச் சரிந்து விழ வேண்டும். கட்டியாக நின்றால் திரவம் குறைந்திருக்கிறது. நீர் மாதிரி ஓடினால் மாவு குறைந்திருக்கிறது. உடனே தாளைப் பார்த்து, எது விட்டுப்போனது என்று தேடுங்கள்.

இப்போது டின். என் பார்வையில், கிராம் கணக்கைச் சரியாகப் போட்டவர்களும் கோட்டை விடும் இடம் இதுதான்.

கலவை ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. டின்னும் ஒன்றரை மடங்கு வேண்டும் என்று 20 செ.மீ. டின்னுக்குப் பதிலாக 30 செ.மீ. டின்னை எடுத்தால் என்ன ஆகும்? வட்டத்தின் பரப்பு விட்டத்தோடு சேர்ந்து அதே மடங்கில் வளராது. பாதி விட்டத்தை அதாலேயே பெருக்கி, 3.14-ஆல் பெருக்கினால் பரப்பு கிடைக்கும். 20 செ.மீ. டின்னுக்கு 10 × 10 × 3.14 = 314 சதுர செ.மீ. 30 செ.மீ. டின்னுக்கு 15 × 15 × 3.14 = 706 சதுர செ.மீ. விட்டம் ஒன்றரை மடங்கு ஆனபோது பரப்பு இரண்டேகால் மடங்கு ஆகிவிட்டது. ஒன்றரை மடங்கு கலவை அதில் பரவினால், பழைய உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் நிற்கும். கேக் தட்டையாக வரும், பழைய நேரத்துக்கு வைத்தால் காய்ந்தும் போகும்.

நமக்கு வேண்டியது 314 × 1.5 = 471 சதுர செ.மீ. பரப்புள்ள டின். 24 செ.மீ. வட்ட டின்னின் பரப்பு 12 × 12 × 3.14 = 452. 25 செ.மீ. டின்னில் 490. இரண்டில் எது இருந்தாலும் போதும். சதுர டின்னானால் கணக்கு இன்னும் சுலபம், நீளத்தை அகலத்தால் பெருக்கினால் முடிந்தது: 22 × 22 = 484. வெறும் நான்கு சென்டிமீட்டர் கூடினாலே ஒன்றரை மடங்கு கலவைக்கு இடம் கிடைத்துவிடுகிறது என்பது முதலில் நம்ப முடியாததாக இருக்கும். சந்தேகம் இருந்தால் இரண்டு டின்களிலும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை அளந்து பாருங்கள்.

பழைய 20 செ.மீ. டின்னிலேயே ஊற்றிவிட்டால்? மொத்தக் கலவை இப்போது ஏறக்குறைய 1,170 கிராம். 5 செ.மீ. உயரமுள்ள அந்த டின்னில் விளிம்புவரை சுமார் 1,570 மில்லிதான் பிடிக்கும். கேக் கலவை டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக்கூடாது. அது உப்புவதற்கு மீதி இடம் வேண்டும். இந்தக் கலவை அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ஓவன் தரையில் வழிந்து கருகும். வழியாமல் தப்பித்தாலும், உயரம் கூடிய கேக்கில் சூடு நடுவரை போய்ச் சேர வெகுநேரம் ஆகும். மேலே பழுப்பு ஏறியிருக்கும், உள்ளே ஈரமாக இருக்கும். வெளியே எடுத்ததும் நடுப்பகுதி பள்ளமாக இறங்கினால் அதுதான் அடையாளம்.

நேரத்தை மட்டும் 1.5-ஆல் பெருக்காதீர்கள். வெப்பநிலையையும் பெருக்காதீர்கள். வேகும் நேரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கலவையின் உயரம். பரப்பைச் சரியாகக் கூட்டியிருந்தால் உயரம் முன்பு இருந்த அளவிலேயே இருக்கும், அதனால் நேரமும் கிட்டத்தட்ட அதேதான். செய்முறை 180 டிகிரியில் 35 நிமிடம் என்று சொல்லியிருந்தால், 24 செ.மீ. டின்னில் 35-ஆவது நிமிடத்தில் பார்க்க ஆரம்பியுங்கள். டின் அகலமாக இருப்பதால் நடுப்பகுதி ஓரத்திலிருந்து தள்ளி இருக்கிறது; சில நிமிடம் கூடலாம். நடுவில் குத்திய குச்சியில் ஈரக் கலவை ஒட்டக்கூடாது, ஓரிரு துகள் ஒட்டினால் பரவாயில்லை. விரலால் மெல்ல அழுத்தினால் குழி விழாமல் எழும்பி வர வேண்டும். ஓரம் டின்னை விட்டு இலேசாக விலகியிருக்கும்.

அடுப்பில் பாத்திரம் வைத்துச் செய்யும் பதார்த்தங்களிலும் இதே பரப்புக் கணக்கு ஒளிந்திருக்கிறது. சூப்பை இரண்டு மடங்கு செய்யும்போது காயும் பருப்பும் இரண்டு மடங்கு வேண்டும். ஆனால் தண்ணீர் ஆவியாவது பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது. அதே பாத்திரத்தில் இரண்டு மடங்கு செய்தால் ஆவியாகும் தண்ணீர் இரண்டு மடங்கு ஆகாது, அதனால் முழுக் கணக்குக்கும் ஊற்றினால் சூப் நீர்த்துப்போகும். கொஞ்சம் குறைத்து ஊற்றி, கடைசியில் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம். உப்பும் மிளகும் கணக்கில் வருவதில் முக்கால் பங்கு போட்டு, ருசி பார்த்து மீதியைச் சேர்ப்பது பாதுகாப்பு. வதக்கும் எண்ணெயோ, பாத்திரத்தின் அடிப்பரப்பை மூடினால் போதும்.

குறைத்துச் செய்யும்போது முட்டையிடமே கணக்கை ஒப்படைத்துவிடுவது என் வழக்கம். மூன்று பேருக்கு 0.375 என்று போட்டால் முட்டை 1.125 என்று வந்து நிற்கும். அதற்குப் பதிலாக, முட்டை ஒன்று என்று முதலில் முடிவு செய்துகொள்வேன். மூன்றில் ஒன்று, அப்படியானால் பெருக்கு எண் மூன்றில் ஒரு பங்கு. மைதா 63 கிராம், சர்க்கரை 67, வெண்ணெய் 38, பால் 40 மில்லி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை. எட்டுத் துண்டில் மூன்றில் ஒரு பங்கு என்றால் இரண்டே முக்கால் துண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று பேருக்குத் துண்டு சற்றுச் சின்னதாக வரும், அவ்வளவுதான். 12 செ.மீ. டின் இருந்தால் பரப்பு 113. வேண்டியது 105, பொருந்திவிடும். இல்லையென்றால் நான்கு மஃபின் குழிகளில் 65 கிராம் வீதம் ஊற்றிவிடலாம். அங்கே நடுப்பகுதிக்குச் சூடு சீக்கிரம் போய்விடும். 35 நிமிடத்தை மறந்துவிட்டு, பதினைந்தாவது நிமிடத்திலேயே குச்சியோடு போய் நில்லுங்கள்.